கேஸ் ஸ்டடிக்குத் தலைப்பும் சுருக்கமும் எழுதுவது எப்படி: தேடி வருகிறவருக்கு வேண்டிய பலனிலிருந்து தொடங்குங்கள்

ஒரு வாடிக்கையாளருக்கு வேலை செய்து கொடுத்தோம், நல்ல பலன் கிடைத்தது, அதை எழுதி நம் வெப்சைட்டில் போடுகிறோம். அதுதான் கேஸ் ஸ்டடி. எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளே இருக்கும் கதைக்கு இரண்டு வாரம் செலவழித்துவிட்டு, தலைப்பையும் மேலே வரும் நான்கு வரிச் சுருக்கத்தையும் கடைசி அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் கூகுளில் தேடுகிற ஆள் முதலில் பார்ப்பது அந்த இரண்டைத்தான். அது அவருடைய பிரச்சினையைப் பேசவில்லை என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியப் போவதில்லை. அதனால் இந்தக் கட்டுரையில் அந்த இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரே ஒரு உதாரணத்தைக் கடைசி வரை நடத்திப் பார்ப்போம்.

உதாரணம் இது. நீங்கள் மற்ற நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கும் சேவை நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வாடிக்கையாளர் ஒரு மொத்த வியாபாரி, மூன்று கிளைகள், கணக்குப் பிரிவில் இரண்டு பேர். ஒரு மாதம் முடிந்த பிறகு அந்த மாதக் கணக்கை மூட அவர்களுக்குப் பதினான்கு வேலை நாள் ஆகிக்கொண்டிருந்தது. நீங்கள் உள்ளே போய் வேலை நடக்கும் முறையை மாற்றினீர்கள், இப்போது ஆறு வேலை நாளில் முடிகிறது. நல்ல வேலை. இதற்கு வழக்கமாக வரும் தலைப்பு எப்படி இருக்கும்?

"முன்னணி மொத்த வியாபார நிறுவனத்தின் நிதித்துறை மாற்றப் பயணம்."

இந்தத் தலைப்பில் இருக்கும் எந்தச் சொல்லையும் யாரும் கூகுளில் அடிக்க மாட்டார்கள். "மாற்றப் பயணம்" வேண்டும் என்று தேடுகிற ஆள் இல்லை. வாடிக்கையாளரின் பெயரைப் போட்டு "இன்னாரின் வெற்றிக் கதை" என்று எழுதினாலும் இதே கதிதான். அந்த நிறுவனம் ஊர் உலகத்துக்கே தெரிந்த பெயராக இருந்தால் சரி, இல்லையென்றால் அந்தப் பெயரைத் தேடுகிறவர்கள் அவர்களிடம் சரக்கு வாங்குகிறவர்கள்தான். உங்கள் சேவையை வாங்கப் போகிறவர்கள் இல்லை.

சரி, வாங்கப் போகிறவர் எதைத் தேடுகிறார்? இதை ஊகிக்க வேண்டாம். கடந்த ஒரு வருடத்தில் உங்களிடம் விசாரித்தவர்களின் மின்னஞ்சல்களையும், முதல் போன் பேச்சில் எடுத்த குறிப்புகளையும் எடுத்து வையுங்கள். அவர்கள் தங்கள் சிரமத்தைச் சொன்ன முதல் ஒன்றிரண்டு வாக்கியங்களை மட்டும், திருத்தாமல், அப்படியே ஒரு தாளில் எழுதுங்கள். இருபது பேர் இருந்தாலே போதும், திரும்பத் திரும்ப வரும் சொற்கள் கண்ணில் படும். நம் உதாரணத்தில் அது இப்படி இருக்கும்: "போன மாசம் லாபமா நஷ்டமான்னு தெரிய இருபதாம் தேதி ஆகிடுது." "மாதக் கணக்கு மூட ரொம்ப நாள் ஆகுது." "கிளைகளுக்கு நடுவில் போன சரக்குக் கணக்கு ஒத்தே வர மாட்டேங்குது."

இந்த மூன்று வாக்கியங்களிலும் உங்கள் தொழில் சொற்கள் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். நீங்கள் விற்பது கணக்குச் சரிபார்ப்பு, செயல்முறைச் சீரமைப்பு. அவர்கள் கேட்பது நாள். எத்தனை நாளில் கணக்கு கைக்கு வரும் என்பதுதான் அவர்கள் கேள்வி. நீங்கள் பெருமைப்படும் விஷயம் ஒன்றாகவும் அவர்கள் தேடும் விஷயம் வேறாகவும் இருப்பது சகஜம், அந்த இடத்தில் அவர்கள் தேடுவதைத்தான் தலைப்பில் வைக்க வேண்டும். உங்களுக்குப் பிடித்த விஷயத்துக்கு உள்ளே எவ்வளவோ இடம் இருக்கிறது. எந்த மொழியில் எழுதுவது என்பதையும் இதே தாள் சொல்லிவிடும், விசாரணைகள் எந்த மொழியில் வருகின்றனவோ அந்த மொழியில்தான் தேடலும் பெரும்பாலும் நடக்கும்.

இரண்டாவது முயற்சியாகப் பலர் எழுதுவது இது: "மாதக் கணக்கு முடிப்பதில் 57% முன்னேற்றம்." முதல் தலைப்பைவிடத் தேவலாம், ஏனென்றால் "மாதக் கணக்கு" என்ற சொல் வந்துவிட்டது. 14-லிருந்து 6-க்கு வந்தால் குறைந்தது 8, அது 14-இல் 57 சதவீதம், கணக்கும் சரிதான். இருந்தாலும் சதவீதம் மட்டும் இருந்தால் படிக்கிறவருக்கு ஒன்றும் பிடிபடாது. முப்பது நாளில் இருந்து பதின்மூன்று நாளுக்கு வந்தாலும் கிட்டத்தட்ட அதே 57 சதவீதம்தான். தன் ஆபீசில் பதினைந்து நாள் ஆகிறது என்று தவிக்கிற ஒருவர், இது தன் நிலைமையா வேறு யாருடையதா என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. தொடங்கிய இடமும் வந்து சேர்ந்த இடமும் இரண்டும் தெரிந்தால்தான் அவர் தன்னை அங்கே பொருத்திப் பார்ப்பார். பதினான்கு என்ற எண்ணைப் பார்த்ததும் "அட, நமக்கும் இதே கதைதானே" என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.

மூன்றாவது முயற்சி:

"மாதக் கணக்கு 14 நாளுக்குப் பதில் 6 நாளில்: 3 கிளை மொத்த வியாபாரம்."

அவர் தேடும் பலன் முதலில் வருகிறது, அதன் இரண்டு முனைகளும் எண்ணாக இருக்கின்றன, அப்புறம் எந்த மாதிரி வியாபாரம் என்பது வருகிறது. வாடிக்கையாளர் பெயர் இல்லை. பெயர் போட அவர்கள் அனுமதி தராவிட்டாலும் இந்தத் தலைப்புக்கு ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் வாங்குகிறவருக்கு உதவுவது "என்னைப் போன்ற வியாபாரம்" என்ற தகவல்தான். எவ்வளவு துல்லியமாகச் சொல்லலாம் என்பதில் மட்டும் நிதானம் வேண்டும். "மூன்று கிளை மொத்த வியாபாரம்" என்றால் பல பேர் தன்னைப் பொருத்திக்கொள்ளலாம். சரக்கின் பெயர், கிளைகள் இருக்கும் ஊர், ஆரம்பித்த வருடம் என்று அடுக்கினால் பெயரே சொல்லாமல் அவர்களைக் காட்டிக்கொடுத்துவிடுவீர்கள், அதே நேரத்தில் தேடுகிறவர்களில் பாதிப் பேர் "இது நமக்கில்லை" என்று போய்விடுவார்கள்.

இப்போது அந்த ஆறு என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் நான் பார்த்தவரை கேஸ் ஸ்டடிகள் நம்பிக்கையை இழப்பது இங்கேதான். சேவை ஆரம்பிப்பதற்கு முந்தைய நான்கு மாதங்களில் கணக்கு மூட ஆன நாட்கள் 15, 13, 14, 14 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 14. சேவை ஆரம்பித்த பிறகு 11, 9, 6, 7, 5. தலைப்பில் எந்த எண்ணைப் போடுவீர்கள்? கை தானாக 5-க்குப் போகும், அது கடைசி மாதம், அதுதான் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அது ஒரே ஒரு மாதம். அதற்கு முன்பக்கம் 15-ஐயும் எடுத்துக்கொண்டால் "15-லிருந்து 5" என்று வரும், இரண்டு எண்ணும் உண்மை, சேர்த்துப் பார்த்தால் பொய். புது முறை படிந்த பிறகு வந்த மூன்று மாதங்களின் சராசரி 6. முன்பு சராசரி எடுத்தால் பின்பும் சராசரி எடுக்க வேண்டும், அதனால் 14-லிருந்து 6. முதல் இரண்டு மாதம் 11, 9 என்றுதான் இருந்தது என்பதை உள்ளே எழுதிவிடுங்கள். "மூன்றாவது மாதத்தில்தான் பலன் தெரியும்" என்பது வாங்கப் போகிறவர் எப்படியும் கேட்கப் போகிற கேள்விக்கான பதில்.

இன்னொன்று, நாள் என்றால் என்ன நாள்? வேலை நாளா, காலண்டர் நாளா? கணக்கு மூடுவது என்றால் எது வரைக்கும்? பேங்க் ஸ்டேட்மெண்ட்டோடு ஒத்துப்பார்த்து முடித்ததா, முதலாளி கையில் லாப நட்டக் கணக்கு போய்ச் சேர்ந்ததா? தலைப்பில் இதற்கெல்லாம் இடம் கிடையாது, சுருக்கத்தில் உண்டு. உள்ளே எந்த இடத்திலும் இந்த அளவு மாறவே கூடாது. தலைப்பில் வேலை நாளும் உள்ளே காலண்டர் நாளும் இருந்தால், கணக்குப் பிரிவுத் தலைவர் ஒருவர் படிக்கும்போது நிச்சயம் கண்டுபிடிப்பார். கண்டுபிடித்த பிறகு மற்ற எண்களையும் அவர் நம்ப மாட்டார்.

சரி, சுருக்கத்துக்கு வருவோம். அதை எழுதும் முன் அந்த எட்டு நாள் எங்கிருந்து மிச்சமானது என்பது நமக்கே தெளிவாகத் தெரிய வேண்டும். பழைய பதினான்கு நாளைப் பிரித்துப் பார்த்தால்: பேங்க் ஸ்டேட்மெண்ட்டோடு ஒத்துப்பார்க்க ஐந்து நாள், கிளைகளுக்குள் போன சரக்கை ஒத்துப்பார்க்க நான்கு நாள், சப்ளையர்களிடம் பில் கேட்டுத் துரத்துவதில் மூன்று நாள், கடைசிப் பார்வைக்கு இரண்டு நாள். புது முறையில் பேங்க் வேலையை வாராவாரம் முடித்துவிடுவதால் மாத முடிவில் அதற்கு ஒரு நாள்தான் ஆகிறது. கிளைகளுக்குள் போகும் சரக்குக்கு, அனுப்புகிற கிளையும் வாங்குகிற கிளையும் ஒரே எண் போட்ட சீட்டைப் பயன்படுத்துகிறார்கள், அது இரண்டு நாளானது. சப்ளையர் பில்லுக்கு 25-ஆம் தேதி கெடு வைத்ததால் ஒரு நாள். கடைசிப் பார்வை அதே இரண்டு நாள், அதில் கை வைக்கவில்லை. மொத்தம் ஆறு.

இவ்வளவும் சுருக்கத்தில் வராது, வரவும் கூடாது. ஆனால் இதிலிருந்து ஒன்றிரண்டைப் பொறுக்கிப் போட்டால்தான் சுருக்கம் உண்மையாகக் கேட்கும். "எங்கள் நிபுணத்துவம் மிக்க குழு நவீன முறைகளைக் கையாண்டு சிறப்பான தீர்வை வழங்கியது" என்பதை எந்தத் தொழிலுக்கும் எடுத்துப் போடலாம், அதனாலேயே அது எந்தத் தொழிலுக்கும் உதவாது. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"மூன்று கிளைகள் கொண்ட ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் மாதக் கணக்கு மூடி லாப நட்ட அறிக்கை கைக்கு வர 14 வேலை நாள் ஆகிக்கொண்டிருந்தது. பேங்க் கணக்கை வாராவாரம் ஒத்துப்பார்ப்பது, கிளைகளுக்குள் போகும் சரக்குக்கு ஒரே எண் சீட்டு, பில்லுக்கு 25-ஆம் தேதி கெடு என்ற மூன்று மாற்றங்களால், மூன்றாவது மாதத்திலிருந்து அது சராசரியாக 6 நாளாகக் குறைந்தது. கணக்குப் பிரிவில் அதே இரண்டு பேர்தான், புதிதாக ஆள் எடுக்கவில்லை."

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். இதைப் படிக்கிற எவருக்கும் உடனே வரும் சந்தேகம் "ஆள் கூட்டியிருப்பார்கள், அதனால் சீக்கிரம் முடிந்திருக்கும்" என்பதுதான், அதற்கு முன்கூட்டியே பதில் சொல்லியாகிவிட்டது. உண்மையிலேயே ஆள் கூட்டியிருந்தால் அதையும் சொல்லத்தான் வேண்டும். அதே காலத்தில் வாடிக்கையாளர் புது சாப்ட்வேர் வாங்கியிருந்தாலும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அதன் பலனையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொண்ட மாதிரி ஆகும். இதையெல்லாம் எழுதினால் விற்பனை போய்விடும் என்று பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மறைத்தால் என்ன நடக்கும் என்றால், வாங்குகிறவர் அதே வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் கேட்கும்போது வெளியே வரும், அது எழுதியிருப்பதைவிட மோசமான நேரம்.

அடுத்தது, இவற்றைப் பக்கத்தில் எங்கே வைப்பது. ஆரம்பிக்கிறவர்கள் இங்கே குழம்புவது இயல்பு, ஏனென்றால் தலைப்பு என்று இரண்டு இருக்கின்றன, சுருக்கம் என்றும் இரண்டு இருக்கின்றன. `<title>` என்பது பக்கத்துக்குள் தெரியாது, பிரவுசர் டேபிலும் தேடல் முடிவிலும் தெரிவது அது. `<h1>` என்பது பக்கத்தைத் திறந்ததும் பெரிய எழுத்தில் தெரிவது. அதே மாதிரி `description` என்பது தேடுபொறிக்குக் கொடுக்கும் விளக்கம், பக்கத்தில் தெரியாது. அதற்குமேல் பக்கத்தின் முதல் பத்தியாக நீங்கள் எழுதும் சுருக்கம் வேறு.

```html
<title>மாதக் கணக்கு 14 நாளுக்குப் பதில் 6 நாளில்: 3 கிளை மொத்த வியாபாரம்</title>
<meta name="description" content="ஆள் கூட்டாமல், மூன்று கிளைகளின் மாதக் கணக்கை 14 வேலை நாளில் இருந்து 6 நாளுக்குக் குறைத்தது எப்படி.">
<h1>மாதக் கணக்கு 14 நாளுக்குப் பதில் 6 நாளில் முடிந்தது எப்படி: 3 கிளை மொத்த வியாபாரம்</h1>
```

`<title>`-இல் எழுதியதைக் கூகுள் அப்படியே காட்டியாக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. தலைப்பு பக்கத்தோடு பொருந்தவில்லை என்று பட்டாலோ, ஒரே சொல்லைத் திணித்து வைத்திருந்தாலோ, எல்லாப் பக்கத்துக்கும் ஒரே மாதிரி தலைப்பு இருந்தாலோ, பக்கத்தில் இருக்கும் பெரிய தலைப்பு போன்ற வேறு இடங்களிலிருந்து எடுத்துக் காட்டும். 2021 ஆகஸ்ட்டில் இந்த முறையை அவர்கள் மாற்றியபோது, தங்கள் தலைப்பு மாறிப்போனதைப் பார்த்துப் பலர் திகைத்துப் போனார்கள். இதற்கு நாம் செய்யக்கூடியது `<title>`-உம் `<h1>`-உம் ஒரே விஷயத்தைக் கிட்டத்தட்ட ஒரே சொற்களில் சொல்லும்படி வைப்பது. எதை எடுத்துக் காட்டினாலும் பலன் தெரியும்.

சுருக்கத்துக்கும் இதே நிலைமைதான். கூகுள் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் எழுத்திலிருந்தே, தேடியவரின் சொற்களுக்கு ஏற்ற ஒரு பகுதியை எடுத்துத் தலைப்புக்குக் கீழே காட்டுகிறது. `description` இன்னும் நன்றாக விளக்குகிறது என்று பட்டால் அதை எடுக்கும். அதனால்தான் பக்கத்தின் முதல் பத்தி தனியாக எடுத்துக் காட்டினாலும் பொருள் தருகிற மாதிரி இருக்க வேண்டும் என்கிறேன். "இந்த நிறுவனம்", "அவர்கள்", "மேற்சொன்ன பிரச்சினை" என்று தொடங்கும் வாக்கியத்தை வெட்டிக் காட்டினால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

நீளத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். `<title>` இத்தனை எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்று கூகுள் வரம்பு எதுவும் வைக்கவில்லை, திரையின் அகலத்துக்கு மேல் போனால் வெட்டிவிடுகிறது, அவ்வளவுதான். தமிழில் எழுதும்போது எழுத்து எண்ணிக் காட்டும் கருவிகளை நம்பாதீர்கள். "கொ" என்பது நமக்கு ஓர் எழுத்து, கருவிக்கு க ஒன்று, கூட வரும் குறி ஒன்று, ஆக இரண்டு. "க்" என்பதும் அப்படியே. அதனால் எண்ணிக்கை ஒரு பக்கமும் கண்ணுக்குத் தெரியும் அகலம் ஒரு பக்கமும் நிற்கும். எண்ணுவதை விட்டுவிட்டு ஒரு வேலை செய்யுங்கள்: தலைப்பின் கடைசி இரண்டு சொல்லைக் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள். "மாதக் கணக்கு 14 நாளுக்குப் பதில் 6 நாளில்: 3 கிளை" என்று நின்றாலும் நம் தலைப்பு பிழைத்துக்கொள்கிறது. பலனைக் கடைசியில் வைத்த தலைப்பு என்றால் வெட்டப்படுவது அந்தப் பலன்தான். உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தலைப்பின் முன்னால் போடுவதும் அதே தப்பு, கூகுள் முடிவுகளில் தளத்தின் பெயர் தனியாக மேலே வருகிறது.

பக்கத்தைப் போட்டாயிற்று, வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? உங்கள் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் செயல்திறன் அறிக்கையைத் திறந்து, இந்த ஒரு பக்கத்தை மட்டும் வடிகட்டி, என்னென்ன தேடல்களுக்கு இது காட்டப்பட்டது என்ற பட்டியலைப் பாருங்கள். ஒரு வாரத்தில் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, இரண்டு மூன்று மாதமாவது விடுங்கள். இந்த மாதிரி குறிப்பான தேடல்களை மாதத்துக்கு மிகச் சிலரே செய்வார்கள், அதிலும் மிகக் குறைவான பேர் தேடியவற்றைத் தனியுரிமைக்காக அந்தப் பட்டியலில் காட்டுவதில்லை. அதனால் சின்ன எண்களைப் பார்த்து மனம் தளர வேண்டாம், சொற்களைப் படியுங்கள்.

"மாதக் கணக்கு மூட எத்தனை நாள்", "கிளை சரக்குக் கணக்கு ஒத்து வரவில்லை" மாதிரி தேடல்கள் இருந்தால் தலைப்பு சரியான ஆட்களிடம் போகிறது. "மாதக் கணக்கு என்றால் என்ன", "கணக்காளர் வேலை" மாதிரி தேடல்கள் நிறைய இருந்தால், படிக்கிற மாணவர்களும் வேலை தேடுகிறவர்களும் வருகிறார்கள், வாங்குகிறவர்கள் இல்லை. அப்போது தலைப்பில் வியாபாரத்தின் வகையை இன்னும் முன்னால் கொண்டுவந்து பார்க்கலாம். சரியான தேடல்களுக்கு, முதல் பக்கத்திலேயே காட்டப்பட்டும் யாரும் சொடுக்கவில்லை என்றால், நீங்களே அந்தச் சொற்களைத் தேடி, உங்கள் முடிவு எப்படித் தெரிகிறது, கூகுள் தலைப்பை மாற்றியிருக்கிறதா, கீழே எந்த வாக்கியத்தை எடுத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள். மாற்றினால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, தேதியைக் குறித்து வையுங்கள்.

இன்னொரு சிக்கல் நான்கைந்து கேஸ் ஸ்டடி சேர்ந்த பிறகுதான் வரும். எல்லா வாடிக்கையாளருக்கும் நாளைத்தான் குறைத்துக் கொடுத்திருப்பீர்கள், எல்லாத் தலைப்பும் "மாதக் கணக்கு இத்தனை நாளில்" என்றே தொடங்கும், ஒரே தேடலுக்கு உங்கள் பக்கங்களே ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். அப்போது மறுபடியும் அந்தத் தாளை எடுங்கள். மூன்று வாக்கியங்களில் ஒன்று கிளைகளுக்குள் போகும் சரக்கைப் பற்றியது. கிளைச் சரக்குதான் பெரிய தலைவலியாக இருந்த வேறொரு வாடிக்கையாளர் இருந்தால், அவருடைய பக்கத்துக்கு நாளைத் தலைப்பாக வைக்காமல் அதை வையுங்கள்: "கிளைகளுக்குள் போன சரக்குக் கணக்கு ஒத்துவந்தது எப்படி", கூடவே மாதத்துக்கு எத்தனை சீட்டு ஒத்துவராமல் நின்றது, இப்போது எத்தனை என்ற இரண்டு எண்கள். அந்த இரண்டு எண்ணை வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டிய நேரம் வேலை ஆரம்பிக்கும் நாள்தான், முடிந்த பிறகு கேட்டால் பழைய எண் யாரிடமும் இருக்காது.